தினமும் என்ன சொல்ல வேண்டும்? ஒரு சிக்கன நாணயச் சங்கத்தின் உபரி முதலீடும் அன்றாட அறிக்கையும்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு சிக்கன நாணயச் சங்கத்தில் நான் உறுப்பினர். மேல்நிலை வகுப்புக்கு வணிகவியல் கற்பிக்கிறேன். சங்கத்தின் உபரி நிதி எப்படி இருக்கிறது என்று தினமும் தானாகவே அறிக்கை வரும்படி ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று நிர்வாகக் குழுவிடம் ஒரு முன்மொழிவு வைத்தேன். முதலில் எழுதிய வடிவத்தைக் குழு ஏற்கவில்லை. ஏற்காததற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் சரியானவை. இரண்டாம் வடிவம் அந்தக் காரணங்களிலிருந்துதான் வந்தது. வேறு சங்கங்களிலும் இதே யோசனை எழலாம் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

உபரி எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தில் பிடிக்கும் சிக்கனத் தொகை சங்கத்தில் சேர்கிறது. அதிலிருந்து உறுப்பினர்களுக்குக் கடன் போகிறது. கடனுக்குப் போனது போக மிஞ்சுவதும் காப்பு நிதியும் வெளியே முதலீடாக இருக்கின்றன. எங்கே போடலாம் என்பதைக் கூட்டுறவுச் சட்டமும் பதிவாளரின் உத்தரவுகளும் தீர்மானிக்கின்றன. பங்குச் சந்தைக்கெல்லாம் இடமில்லை. எங்கள் சங்கத்தில் மூன்று வங்கிகளில் 17 வைப்பு ரசீதுகள், மொத்தம் 1 கோடியே 66 லட்சம். அது தவிர 20 லட்சத்துக்குப் பத்தாண்டு அரசுக் கடன் பத்திரம் ஒன்று.

முன்மொழிவு எழுத என்னைத் தூண்டியது ஒரு ரசீது. 15 லட்சம், 7 சதவீத வட்டி, ஏப்ரல் 10 அன்று முதிர்வு. தானாகப் புதுப்பிக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அந்த மாதம் செயலாளர் மாறினார். ரசீது பீரோவுக்குள் இருந்தது, பதிவேட்டில் முதிர்வுத் தேதியும் சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. செப்டம்பர் 4 அன்று தணிக்கைக்காக எடுத்தபோதுதான் தெரிந்தது. 147 நாள்.

இப்படிக் கேட்பாரின்றிக் கிடக்கும் முதிர்ந்த வைப்புக்கு என்ன வட்டி என்பதை ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேமிப்புக் கணக்கு வட்டி, ஒப்புக்கொண்ட பழைய வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான். எங்களுக்குக் கிடைத்தது 3 சதவீதம். அன்றே புதுப்பித்திருந்தால் அதே 7 சதவீதம் கிடைத்திருக்கும். வித்தியாசம் 4 சதவீதம், 15 லட்சத்துக்கு, 147 நாளுக்கு: 24,164 ரூபாய். யாரும் திருடவில்லை, எந்த வங்கியும் மூழ்கவில்லை. ஒரு தேதியை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பேரவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, "என் பிள்ளைக்குப் படிப்புக் கடன் கேட்டப்ப அரை சதவீதம் வட்டி குறைக்க முடியாதுன்னு சொன்னீங்களே" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்களிடம் பதில் இல்லை.

அந்த வேகத்தில் முதல் முன்மொழிவை எழுதினேன். காலை 9 மணிக்குக் குழு உறுப்பினர்கள் 11 பேருக்கும் மின்னஞ்சல் போகும். மொத்த மதிப்பு, நேற்றைவிட எவ்வளவு கூடியது, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எத்தனை சதவீதம், ஒரு வரைபடம். மாதிரிக்கு ஒரு வாரத்து அறிக்கையை அச்சடித்துக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன்.

குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஏழு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். "சார், ஏழு நாளும் ஒரே கணக்குத்தானே?" என்றார்.

உண்மைதான். நிரந்தர வைப்பில் வட்டி முதல் நாளே முடிவாகிவிடுகிறது. 1 கோடியே 66 லட்சத்துக்குச் சராசரி 7.1 சதவீதம் என்றால் ஒரு நாளைக்குச் சேரும் வட்டி சுமார் 3,200 ரூபாய். நாளையும் அதேதான், அடுத்த மாதமும் அதேதான். தினமும் 3,200 கூடியது என்று பத்து நாள் படிப்பவர் பதினோராவது நாள் அஞ்சலைத் திறக்கமாட்டார். அந்தப் பதினோராவது நாள் அஞ்சலில் முதிர்வு பற்றிய ஒரு வரி இருந்தாலும் அவர் கண்ணில் படாது. அதாவது, எந்தத் தவறைத் தடுக்க நினைத்தேனோ அதையே இன்னொரு வழியில் உண்டாக்கும் அறிக்கையைத் தயாரித்திருந்தேன்.

மாறிக்கொண்டே இருந்த எண் ஒன்றே ஒன்று, அரசுக் கடன் பத்திரம். அதில் வேறு சிக்கல். சந்தையில் வட்டி விகிதம் கால் சதவீதம் ஏறினால் பத்தாண்டுப் பத்திரத்தின் விலை ஏறக்குறைய 1.75 சதவீதம் இறங்கும். 20 லட்சத்துக்கு அது சுமார் 35,000 ரூபாய். முதிர்வு வரை வைத்திருக்கப்போகும் சங்கத்துக்கு இந்த இறக்கம் கணக்கில் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்துகொண்டே இருக்கும், கடைசியில் முகமதிப்பும் முழுதாக வரும். ஆனால் காலையில் "நஷ்டம் 35,000" என்று சிவப்பு எழுத்தில் பார்க்கும் உறுப்பினர் என்ன செய்வார்? என் மாதிரி அறிக்கையில் ஒரு நாள் 4,000 ரூபாய் இறக்கம் காட்டியது. அதற்கே கூட்டத்தில் கால்மணி நேரம் பேச்சு ஓடியது. "வித்துடலாமா?" என்று ஒருவர் கேட்டும் விட்டார். விற்றால்தான் அந்த நஷ்டம் உண்மையாகும். ஆகவே பத்திரத்தின் சந்தை விலையை அன்றாட அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம். மார்ச் 31 கணக்குக்குத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முன்மொழிவு வேறு கேள்வியிலிருந்து தொடங்கியது. முதலீடு எவ்வளவு வளர்ந்தது என்பதை விட்டுவிட்டு, இன்று யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று கேட்டோம். அதற்கு அறிக்கையில் ஐந்து வரி போதும். நவம்பரில் போன ஒரு நாள் அறிக்கை இப்படி இருந்தது:

```
18-நவம்பர்    செய்ய வேண்டியது: 1
ரசீது ...2471, 10,00,000, முதிர்வு 3-டிசம்பர், 15 நாள்
   தீர்மானம்: உண்டு    வங்கிக்குக் கடிதம்: இல்லை
அடுத்த 60 நாளில் முதிர்வது: 3 ரசீது, 28,00,000
வங்கிக் கணக்குடன் கடைசியாகச் சரிபார்த்தது: 15-நவம்பர்
```

செய்ய ஒன்றும் இல்லாத நாளிலும் அஞ்சல் போகும். "செய்ய வேண்டியது: 0" என்று தலைப்பிலேயே இருக்கும், திறக்கவே தேவையில்லை. ஒன்றும் இல்லாத நாளில் எதற்கு அஞ்சல் என்று ஒரு டீச்சர் கேட்டார். அறிக்கை வராவிட்டால் வேலை இல்லை என்றும் பொருள்படலாம், நிரல் நின்றுபோய்விட்டது என்றும் பொருள்படலாம். இரண்டையும் பிரித்தறிய அந்த ஒற்றை வரி வேண்டும். காலை 10 மணிக்குள் அஞ்சல் வரவில்லையென்றால் ஏதோ கோளாறு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தினமும் அனுப்ப வேண்டும் என்பதற்கு எங்களிடம் இருந்த உண்மையான காரணம் இதுதான்.

எத்தனை நாள் முன்னால் எச்சரிப்பது என்பதில் நான் 30 நாள் போட்டிருந்தேன். தலைவர் அதை 45 ஆக்கச் சொன்னார். குழு மாதம் ஒருமுறைதான் கூடுகிறது, கூட்டப் பொருள் ஏழு நாள் முன்னாலேயே போய்விடுகிறது. ஒரு மாதம் கூட்டம் 18ஆம் தேதி, ரசீது அடுத்த மாதம் 17ஆம் தேதி முதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் எச்சரிக்கை கூட்டத்தையொட்டித்தான் வரும், அதற்குள் கூட்டப் பொருள் போயிருக்கும். அடுத்த கூட்டமோ முதிர்வுக்குப் பிறகு. 45 நாள் என்றால் எந்தத் தேதியில் முதிர்ந்தாலும் அதற்கு முந்தைய கூட்டத்தின் பொருளில் சேர்த்துவிடலாம். உங்கள் சங்கத்தில் கூட்டம் எப்படி நடக்கிறதோ அதைப் பொறுத்து இந்த எண் மாறும்.

60 நாள் வரிக்கும் உள்ளூர்க் காரணம் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போதும், ஓணத்துக்கு முன்னும், கிறிஸ்துமஸுக்கு முன்னும் கடன் விண்ணப்பம் குவியும். கையில் பணம் இல்லாமல் மே கடைசியில் ஒரு வைப்பை இடையில் முறித்தால், வைத்திருந்த காலத்துக்கான வட்டியிலும் ஒரு சதவீதம் குறைத்துத் தரும் வங்கிகள் உண்டு. எப்போது எவ்வளவு வரும் என்று தெரிந்தால் அடுத்த ரசீதை எத்தனை மாதத்துக்குப் போடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

இனி, இந்த ஏற்பாட்டில் தானாக நடப்பது எது, கையால் நடப்பது எது என்பதைச் சொல்ல வேண்டும். முன்மொழிவில் நான் மிக அழுத்தமாக எழுதிய பகுதி இது. எங்களைப் போன்ற சிறிய சங்கத்துக்கு எந்த வங்கியும் ரசீது விவரத்தை நேராகக் கணினிக்கு அனுப்புவதில்லை. எழுத்தர் அக்கா தாள் ரசீதைப் பார்த்து ஒரு கூகுள் விரிதாளில் எழுதுகிறார். அதன் பிறகுதான் கணக்குப் போடுவதும் அனுப்புவதும் தானாக நடக்கின்றன. எழுதியது தவறு என்றால் அறிக்கையும் தவறு, அதுவும் ஒவ்வொரு நாளும் நேரம் தவறாமல்.

தவறும் வந்தது. சோதனை ஓட்டத்தின் முதல் வாரம் 17 ரசீதில் 15 மட்டுமே பட்டியலுக்குள் வந்தன. விட்டுப்போன இரண்டையும் தேடிப் பார்த்தபோது காரணம் தேதி. அந்த விரிதாள் அமெரிக்க முறையில், மாதம் முதலில் வரும்படி அமைந்திருந்தது. 23/5 என்று எழுதினால் இருபத்து மூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். எழுத்திலிருந்து இன்றைய தேதியைக் கழித்தால் விடை எண்ணாக வராது. எண் இல்லாத ஒன்று 45க்குள் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் நிரல் சொல்லும். அந்த ரசீது எந்த நாளும் எச்சரிக்கையில் வராது, பிழைச் செய்தியும் வராது. இதற்கு நிரலில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தோம்:

```javascript
const bad = rows.filter(r => !(r[5] instanceof Date));
const due = rows.filter(r => r[6] === "" &&
  (r[5] - today) / 86400000 <= 45);
```

`r[5]` என்பது முதிர்வுத் தேதி உள்ள F நெடுவரிசை, `r[6]` என்பது ரசீது முடிந்த தேதி எழுதும் G நெடுவரிசை. `bad` பட்டியலில் ஒன்று இருந்தாலும் அது அறிக்கையின் முதல் வரியில் வரும். கண்ணாலும் கண்டுபிடிக்கலாம்: தேதியாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பவை இடப்பக்கம் ஒட்டியிருக்கும்.

ஆனால் இன்னொரு வகைத் தேதிப் பிழை இதற்கும் தப்பிவிடும். ஜூன் 11 என்ற முதிர்வை 11/6 என்று எழுதினால் விரிதாள் அதை நவம்பர் 6 என்று எடுத்துக்கொள்ளும். அது நல்ல தேதிதானே, சந்தேகமே வராது. எச்சரிக்கை ஏறக்குறைய ஐந்து மாதம் தாமதமாக வரும். அதாவது நாங்கள் 24,164 ரூபாய் இழந்த அதே கதை, இந்த முறை கணினி வழியாக. போட்ட தேதியோடு தவணை மாதங்களைக் கூட்டினால் முதிர்வுத் தேதி வருகிறதா என்று `=EDATE(E2,H2)-F2` போட்டுப் பார்த்தேன். விடை பூஜ்யம் வந்தால் சரி என்று நம்பினேன். அது போதாது. ஓராண்டு ரசீதில் போட்ட தேதியும் முதிர்வுத் தேதியும் ஒரே நாள், ஒரே மாதம், ஆண்டு மட்டும் வேறு. இரண்டும் ஒரே மாதிரி புரண்டுவிடுவதால் விடை பூஜ்யமாகவே வரும். எங்கள் ரசீதுகளில் பாதிக்கு மேல் ஓராண்டு ரசீதுகள்.

இதற்குச் சூத்திரம் எதுவும் கைகொடுக்கவில்லை. விரிதாளின் நாட்டு அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினோம், ஏற்கெனவே இருந்த தேதிகளை எல்லாம் அழித்துவிட்டு மாதத்தின் பெயரோடு மறுபடி எழுதினோம். (அமைப்பை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே புரண்ட தேதி புரண்டபடியேதான் இருக்கும்.) பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா ரசீதைக் கையில் வைத்துச் சத்தமாகப் படிக்க, நான் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். "பதினொண்ணு, ஜூன். சரியா சார்?" "சரி அக்கா." பதினேழு ரசீதுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நிரல் எழுதியதைவிட இந்த முக்கால் மணி நேரம்தான் பணத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை முதிர்வுத் தொகையையும் பார்த்துவிட்டோம். 10 லட்சத்தை 7.2 சதவீதத்துக்கு ஓராண்டு போட்டால் தனிவட்டிக்கு 10,72,000 வரும். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்ந்தால் 10,73,967. நாங்கள் கூட்டு வட்டி என்று பதிவேட்டில் எழுதியிருந்த ஒரு ரசீதில் முதிர்வுத் தொகை என்று வங்கி அச்சடித்திருந்தது 10,00,000 மட்டுமே. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும் வகை அது. தப்பு வங்கியுடையதல்ல, எங்கள் பதிவேட்டினுடையது. ஆனால் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் வரவேண்டிய வட்டியை அறிக்கை மிகையாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கும், சேமிப்புக் கணக்கில் சேரும் வட்டியையும் யாரும் கவனித்திருக்கமாட்டோம்.

அறிக்கையின் கடைசி வரி, வங்கிக் கணக்குடன் சரிபார்த்த நாள், இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். நிரல் ஓடுவதால் மட்டும் பதிவேடு புதிதாக இருக்கிறது என்று ஆகாது. அக்கா வாரம் ஒருமுறை கணக்கு அறிக்கையை வாங்கி, வந்த வட்டியை வரவேண்டிய வட்டியோடு ஒப்பிட்டு, அந்தத் தேதியை மாற்றுவார். பத்து நாளுக்கு மேல் பழையதானால் அதுவே "செய்ய வேண்டியது" ஆகிவிடும். வட்டி குறைவாக வந்திருந்தால் முதலில் வருமான வரிப் பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வருமான வரிப் பதிவிலும் அது வந்திருக்க வேண்டும்.

குழுவில் அதிக நேரம் விவாதித்தது வேறொரு விஷயம். 1 கோடியே 66 லட்சத்தில் 1 கோடியே 2 லட்சம் ஒரே வங்கியில் இருக்கிறது என்று முதல் மாதிரி அறிக்கையே காட்டிவிட்டது. வைப்புக் காப்பீடு 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம், வட்டியும் சேர்த்து, எல்லாக் கிளைகளும் சேர்த்து. சங்கம் எத்தனை ரசீது வைத்திருந்தாலும் அந்த வங்கியில் ஒரே வைப்பாளர்தான். ரசீதுகளைப் பிரித்துப் போட்டால் காப்பு கூடும் என்று நம்பியவர்கள் எங்கள் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். இந்த விகிதத்தை அறிக்கையில் தினமும் போட வேண்டுமா? வேண்டாம் என்றேன். அது தினமும் மாறுவதில்லை, புதிய ரசீது போடும்போது மட்டும்தான் மாறும். குழு ஓர் உச்சவரம்பைத் தீர்மானமாக நிறைவேற்றினால், அதைத் தாண்டும் நாளில் அறிக்கை சொல்லட்டும். எந்த வங்கியில் போடலாம் என்று அறிக்கை பரிந்துரைக்கவே கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன். அது சட்டத்துக்கும் துணைப்பதிவாளரின் உத்தரவுக்கும் உட்பட்டுக் குழு எடுக்க வேண்டிய முடிவு. உச்சவரம்புத் தீர்மானம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. மத்திய கூட்டுறவு வங்கிக்கு விலக்கு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இன்னும் ஒத்துவரவில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதை 11 பேரிலிருந்து மூன்று பேராகக் குறைத்தோம்: தலைவர், செயலாளர், முதலீட்டைக் கவனிக்கும் ஓர் உறுப்பினர். பதினோரு பேருக்குப் போனால் மற்ற பத்துப் பேர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவார்கள். மூவரில் ஒருவர் அலுவலகத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். செயலாளர் மாறியபோதுதானே போன முறை விட்டுப்போனது. விரிதாளும் நிரலும் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில் இருக்கின்றன, என் கணக்கில் இல்லை. நான் மாற்றலாகிப் போனாலும் ஓடும். ரசீது எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே அஞ்சலில் போகும். செலவு என்று பார்த்தால் அக்காவின் நேரம்தான், வாரத்துக்கு அரைமணி.

மூன்று மாதச் சோதனைக்குக் குழு ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்தில் நான்கு ரசீதுகள் முதிர்ந்தன. ஒன்று ஞாயிற்றுக்கிழமை முதிர்ந்தது. வங்கி திங்கள் பணம் தந்தது, இடைப்பட்ட நாளுக்குப் பழைய வட்டியே சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி, சேர்த்தும் தந்தது. அதனால் வங்கி விடுமுறையில் வரும் முதிர்வு பற்றிக் கவலை இல்லை. எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது இதற்கு நேர் எதிரான நிலை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, பள்ளியும் சங்க அலுவலகமும் பூட்டியிருக்கும். ஆனால் வங்கிகளுக்கும் விடுமுறையாக வேண்டுமானால் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்க வேண்டும், இந்த விடுமுறை அப்படி அறிவிக்கப்படுவதில்லை. வங்கி வழக்கம்போல் திறந்திருக்கும், முதிர்வும் வழக்கம்போல் அன்றே நடக்கும். மாவட்டத்தின் உள்ளூர் விடுமுறைகளை விரிதாளில் தனிப் பக்கத்தில் எழுதி, அந்த நாளில் முதிர்வு வந்தால் முந்தைய வேலைநாளைக் கடைசி நாளாகக் காட்டும்படி நிரலை மாற்றினேன்.

மேலே காட்டிய 2471 அந்த ரசீதுதான். நவம்பர் 18 அன்று தீர்மானம் இருந்தது, கடிதம் இல்லை. 25ஆம் தேதி அறிக்கையிலும் கடிதம் இல்லை. முதலீட்டைக் கவனிக்கும் உறுப்பினர் செயலாளருக்குப் போன் செய்து, "டீச்சர், இன்னைக்கும் இல்லைன்னுதான் காட்டுது" என்றார். டிசம்பர் 2 காலை அறிக்கையில் "கடிதம்: உண்டு" என்று வந்தது. வங்கி முத்திரையிட்ட நகல் கோப்பில் இருக்கிறது.